இதில் எதெதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது?

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். எங்கள் வீட்டுக்கு இரண்டு கம்பெனிகளிலிருந்து சம்பளம் வர வேண்டும். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், வாரம் ஐயாயிரத்துக்குக் குறையாது. நான் செக்கிங், 2,800 வரும். இரண்டு பிள்ளைகள், லைன் வீட்டில் 5,000 ரூபாய் வாடகை. இந்த வருமானத்துக்கு நாங்கள் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. ஆனால் 2022 ஜூனில் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது 2,93,400 ரூபாய் கடன் இருந்தது. அதில் மளிகைக் கடை பாக்கியைத் தவிர ஒரு ரூபாய்கூட வீட்டுக்காகவோ பிள்ளைகளுக்காகவோ வாங்கியது இல்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. குடிக்காத நாளில் பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுகிற மனுசன். கொரோனாவில் கம்பெனி மூடிக் கிடந்து, திரும்பத் திறந்த பிறகுதான் தினமும் என்று ஆனது. முதலில் ராத்திரி மட்டும், அப்புறம் மதியமே. அந்த இரண்டு வருஷமும் நான் செய்த தப்பு ஒன்றுதான்: அவர் வாங்கிய கடனை எல்லாம் நான் அடைத்துக்கொண்டே இருந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டால் மானம் போகிறதே என்று நினைத்து, 2021 கடைசியில் மகளிர் குழுவில் என் பேரில் 50,000 எடுத்து எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். நிம்மதியாக இருந்தது, நாலே மாசத்துக்கு. அதே ஆட்கள் அவருக்கு மறுபடியும் கடன் கொடுத்திருந்தார்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருத்தர் சொன்னார்: "போன தடவ நீங்க சுத்தமா குடுத்துட்டீங்கல்லக்கா, அந்த நம்பிக்கையிலதான்." இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். குடிக்கிறவர் வாங்கிய கைமாற்றை நாம் அடைத்தால், ஊரில் அவருக்கு மறுபடியும் கடன் கிடைக்க நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

அந்த ஜூனில்தான் எனக்குக் கண் திறந்தது. பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது, தனியார் பள்ளியில் படித்தாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது கட்ட வேண்டிய 7,000 ரூபாயைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அரிசி டிரம்முக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன். பிசிறு வெட்டிச் சேர்த்த காசு. பனியனில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை அது. ராத்திரி வீட்டுக்கு மூட்டை எடுத்துவந்து செய்வேன். திங்கள்கிழமை காலையில் டிரம்முக்குள் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் அரிசி, அடித் தகரம் தட்டுப்பட்டது, கவர் தட்டுப்படவில்லை. அரிசியை முழுக்கப் பாயில் கொட்டித் தேடினேன். பாப்பா யூனிபார்ம் போட்டு நின்றுகொண்டிருந்தாள். "காணலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வருஷம் அவளைக் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாற்றினேன். அங்கே நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் அந்தக் காலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பணத்தை வீட்டுக்குள் ஒளிப்பது வேலைக்கு ஆகாது. அரிசி டிரம், அஞ்சறைப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், புடவை மடிப்பு எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வேறு எதையும் அவ்வளவு கவனமாகத் தேட மாட்டார்கள், இதைத் தேடுவார்கள். பணமாக வைத்திருப்பதைவிட, சம்பளம் வந்த அன்றைக்கே வாடகையைக் கொடுத்துவிடுவது, மளிகை வாங்கிவிடுவது, ஃபீஸில் கிடைத்ததைத் தவணையாகக் கட்டி ரசீது வாங்குவது என்று முடித்துவிட வேண்டும். வாங்கி வைத்த பொருள் எல்லாம் தப்பும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை கேஸ் சிலிண்டரே அடகுக்குப் போயிருக்கிறது.

பேங்கில் போட்டால் தப்பும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே நான் ஏமாந்தது வேறு மாதிரி. கம்பெனியில் சம்பளத்தைப் பேங்குக்கு மாற்றியபோது, கணக்கு என் பேரில்தான் திறந்தார்கள். ஆனால் அன்றைக்கு என்னிடம் போன் இல்லை என்று அவருடைய நம்பரைக் கொடுத்திருந்தேன். அந்த நம்பருக்குத்தான் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் போகும். அந்த சிம் இருக்கிற போனில் யு.பி.ஐ. வைத்து என் கணக்கை இணைத்துக்கொள்ள முடியும் என்பதே எனக்குத் தெரியாது. ஏ.டி.எம். கார்டை என் பையில் வைத்துக்கொண்டு, பணம் பத்திரமாக இருக்கிறது என்று எட்டு மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்புக் என்ட்ரி போட்ட அன்றைக்குத்தான், சனிக்கிழமை ராத்திரிகளில் 300, 500 என்று போயிருப்பதைப் பார்த்தேன். கூட்டினால் 19,000 சொச்சம்.

அதனால் கணக்கு யார் பேரில் என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் எந்தப் போன் நம்பர் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். நான் செய்தது இதுதான். முதலில் என் ஆதாரைக் கொடுத்து என் பேரில் ஒரு சிம் வாங்கினேன். அப்புறம் வேறொரு பேங்கில், தனியாக என் பேரில் மட்டும் ஒரு கணக்குத் திறந்து, அந்த நம்பரைக் கொடுத்தேன். ஏ.டி.எம். கார்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்டு இருந்தால் அடி விழுகிற நேரத்தில் நம்பரைச் சொல்லிவிடுவோம். இல்லாத கார்டை யாரும் பிடுங்க முடியாது. சம்பளத்தை அந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். பழைய கணக்கை உடனே மூடவில்லை. அதில் 200, 300 விட்டு வைத்தேன். அடுத்த நாளே காலியாக இருப்பதைப் பார்த்தால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பணத்தை நிறுத்தினால் கோபம் வரும். சில ராத்திரிகளில் நூறு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் முன்னால் அடிபடுவதற்கு நூறு ரூபாய் பெரிசு இல்லை. கை ஓங்குகிற அளவுக்குப் போனால் 181க்குப் போன் பண்ணலாம். அது பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, மனைவி நகையை விற்றுத் தின்பது இதெல்லாமும் 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தச் சட்டப்படி, வீட்டுச் சாமானையும் பேங்க் பணத்தையும் எடுக்கக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கேட்கலாம். நான் அதுவரை போகவில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்ததே ஒரு பலமாக இருந்தது.

தெரிந்துகொண்டது எப்படி என்றால், கூடச் செக்கிங் பார்க்கிற ஒரு அக்கா கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப்போனார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாகவே வக்கீல் தருகிறார்கள். 15100 என்று ஒரு எண்ணும் இருக்கிறது. நான் போகும்போது ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதிக்கொண்டு போனேன். மொத்தத்தைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வக்கீலம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொத்தம் எவ்வளவுங்கறது அப்புறம்மா. இதுல எதெதுல உங்க கையெழுத்து இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. குடும்பக் கடன் என்றால் குடும்பமே கட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வக்கீலம்மா சொன்னது இதுதான். புருசன் தன் பேரில் வாங்கிய கடனுக்கு, மனைவி கையெழுத்துப் போடாத வரையில், மனைவியிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்கூட, அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும். நம் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. கடன் வாங்கியவர் எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவரும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம்தான் உன்னிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை, நேராக நம்மிடமே வரலாம்.

என் பேரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கக் கடன் அறிக்கை எடுக்கச் சொன்னார். சிபில் மாதிரி நாலு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். அண்ணன் மகள் எடுத்துக் கொடுத்தாள். அதில்தான் ஒரு அதிர்ச்சி. அவருடைய பைக் கடனில் நான் ஜாமீன்தாரர் என்று இருந்தது. வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் ஏழெட்டு இடத்தில் பேனாவால் டிக் அடித்துக் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் என் கையெழுத்து உள்ளவை: பேங்கில் என் சங்கிலி மேல் வாங்கிய நகைக் கடன் 1,00,000, குழுக் கடனில் பாக்கி 32,000, பைக் கடனில் பாக்கி 42,000. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு 6,400 பாக்கி. அதில் கையெழுத்து இல்லை, ஆனால் நாங்கள் சாப்பிட்டது, அதனால் அதையும் என் பக்கமே எழுதினேன். ஆக 1,80,400. அந்தப் பக்கம் அவருடையது மட்டும்: கம்பெனி அட்வான்ஸ் 40,000, கைமாற்று 35,000, கந்துக்காரரிடம் 20,000, பாப்பாவின் கம்மலை அடகு வைத்தது 18,000. ஆக 1,13,000. அந்தப் பக்கத்தைக் கட்டும் வேலை இனி என்னுடையது இல்லை என்று முடிவு பண்ணினேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினேன்.

கந்துக்காரர் விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நிறையப் பெண்கள் மாட்டுகிறார்கள். பத்து வட்டி. நூற்றுக்கு மாசம் பத்து ரூபாய். 20,000க்கு மாசம் 2,000 வட்டி, அசல் அப்படியே நிற்கும். அவருடைய சம்பள ஏ.டி.எம். கார்டையும் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அவர்களே வட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் பணம் ஏறாதபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்துக்காரர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு புரோ நோட்டை எடுத்தார். "பணத்த இப்பக் கேக்கலீங்க அம்மிணி. நீங்களும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நா எதுக்கு வாசலுக்கு வரப்போறேன்?" என்றார். முன்னால் என்றால் போட்டிருப்பேன். அவர் போனால் போதும் என்று எந்தக் காகிதத்திலும் போட்டிருப்பேன். "எங்க அண்ணங்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுவேனுங்க" என்று சொல்லிவிட்டேன். நேராக முடியாது என்று சொல்லப் பயமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள். அன்றைக்குப் போடாமல் தப்பிப்பதுதான் முக்கியம்.

அடுத்த தடவை அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். அக்கம்பக்கம் பார்க்கக் கத்தினார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு நாளில் அண்ணனோடு போய் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியில் வந்தார்கள், என்ன பேசினார்கள், எவ்வளவு வட்டி போயிருக்கிறது என்று தேதிவாரியாக எழுதியிருந்ததால் மனுவை வாங்கியவர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. போலீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் என் கொழுந்தனார் பேசி 12,000 கொடுத்து, புரோ நோட்டையும் ஏ.டி.எம். கார்டையும் திரும்ப வாங்கினார். கொழுந்தனாரிடம் நான் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான்: நோட்டு கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு நோட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இரண்டாம் தடவை கட்டியதை எங்கள் லைனிலேயே பார்த்திருக்கிறேன்.

பைக்கை விற்றோம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெளிவாக இருந்தபோது கேட்டேன். கேட்கிற நேரம் ரொம்ப முக்கியம். குடித்திருக்கும்போது சொன்ன சரியும் நிற்காது, பேசிய பேச்சும் நிற்காது. மூன்று தவணை பாக்கி இருந்தது. அவர்களாக வண்டியைத் தூக்கிப்போய் ஏலம் விட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும், மீதியை ஜாமீன் போட்ட என்னிடம்தான் கேட்பார்கள். ஃபைனான்ஸில் கடனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கினோம், அபராதத்தோடு 44,000 வந்தது. வெளியில் 47,000க்கு ஆள் கிடைத்தது. வாங்குகிறவரையே நேரில் கூட்டிப்போய் அங்கே கட்டவைத்து, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புக்கில் கடன் பதிவை நீக்கிக் கொடுத்தோம். கையில் நின்றது 3,000 ரூபாய், அதை மளிகைக் கடைக்குக் கொடுத்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற பயமும் அன்றோடு விட்டது.

குழுக் கடன்தான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. மாசத் தவணை 2,640. ஒரு மாசம் கட்ட முடியாதபோது, குழுவில் இருக்கிற ஆறு பேரும் ராத்திரி ஒன்பது மணி வரை என் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நான் கட்டாவிட்டால் அவர்களுக்கு அடுத்த கடன் கிடைக்காது என்று கடன் கொடுத்த நிறுவனத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வசூலுக்கு வந்த தம்பி, "டாப்-அப் போட்டுத் தர்றேங்க்கா, பழசக் கழிச்சிட்டு மீதிக் காசு கையில வந்துரும்" என்றார். கையில் வரும் காசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்றேன். இந்த மாதிரிக் கடன்களுக்கு ரிசர்வ் பேங்க் 2022இல் போட்ட விதி இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலோ மாலை 6 மணிக்கு மேலோ வசூலுக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது. வீட்டு மாச வருமானத்தில் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது. இதைச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுத்தேன், தவணைத் தேதியை எனக்குச் சம்பளம் வந்த அடுத்த நாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதுக்கப்புறம் ஒரு தவணையும் தவறவில்லை.

அதற்குக் காரணம், பட்ஜெட்டில் அவருடைய சம்பளத்தைப் பூஜ்யம் என்று எழுதியது. முன்னால் ஆறேழு மாசம் சனிக்கிழமை சாயங்காலம் அவர் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். ஒரு வாரம் 3,000 கிடைக்கும், ஒரு வாரம் பின் கேட் வழியாகப் போயிருப்பார். எல்லோரும் பார்க்க அங்கே நிற்பது பெரிய வேதனை. அந்தக் காசை நம்பித் திட்டம் போட்டு, வராதபோது கடன் வாங்கியதுதான் என்னை இன்னும் கீழே இறக்கியது. அதனால் என் சம்பளம் மாசம் 11,200, பிசிறு வெட்டி 2,000, ஆக 13,200 மட்டும்தான் வருமானம் என்று வைத்துக்கொண்டேன். வாடகை 5,000, குழு 2,640, கரண்டும் கேஸும் 1,200, பாலும் காயும் மளிகையும் 3,500. அரிசி ரேஷனில் வந்துவிடும். மிச்சம் 860. அதில் 750 நகைக் கடன் வட்டிக்கு ஒதுக்கினேன். அவர் எப்போதாவது கொடுப்பது எதுவும் செலவில் சேராது. முதலில் மளிகைக் கடை பாக்கி தீரும்வரை அதற்குப் போனது, அப்புறம் நகைக் கடன் அசலுக்கு.

ஏன் நகைக் கடனைக் கடைசியில் வைத்தேன் என்று அம்மாகூடக் கோபித்தார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நாலு பவுன் சங்கிலி, அதை முதலில் திருப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டபோது குழுக் கடன் வட்டி ஏறக்குறைய 24 சதவீதம், நகைக்கு 9 சதவீதம். அதைவிடப் பெரிய காரணம், நகையைத் திருப்பி எங்கே கொண்டுவருவேன்? வீட்டுக்கு வந்தால் ஒரு மாசத்தில் வட்டிக்கடைக்குப் போய்விடும். என் பேரில் பேங்கில் இருக்கும்வரை நான் போய்க் கையெழுத்துப் போடாமல் யாராலும் எடுக்க முடியாது. வருஷ வட்டி 9,000ஐத் தவறாமல் கட்டி, ரசீதை அண்ணன் வீட்டில் வைத்தேன். கையில் சேரும் ஆயிரம் இரண்டாயிரத்தை அசலில் கட்டிக்கொண்டே வரலாம், பேங்கில் வாங்கிக்கொள்வார்கள். வட்டி கட்டாமல் விட்டால் ஏல நோட்டீஸ் வந்துவிடும். பாப்பாவின் கம்மலை அண்ணன் பணம் கொடுத்து மீட்டு அவர் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாமும் அங்கேதான். என்னிடம் நகல் மட்டும்.

நான் ஏமாந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை நிறுத்தும் என்று ஒரு பொடிக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன். மூன்றாம் நாள் குடித்துவிட்டு வந்து வாந்தி, படபடப்பு, மூச்சு வாங்கியது. என் கையாலேயே கொன்றுவிட்டேனோ என்று நடுங்கிவிட்டேன். அப்புறம் கார்டும் காசும் சுத்தமாக இல்லாமல் போனபோது, குடிக்காமல் இருந்த இரண்டாம் நாள் கை நடுங்கி, மூன்றாம் நாள் விடியக்காலை வலிப்பு வந்தது. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்து என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அதனால் பணத்தை இறுக்குகிறீர்கள் என்றால், நடுக்கம், வேர்வை, இல்லாத ஆளோடு பேசுவது இதெல்லாம் தெரிந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். பத்து நாள் வைத்திருந்தார்கள், எனக்குச் செலவு பஸ்ஸும் சாப்பாடும்தான். அதற்கு முன்னால் தனியார் மையத்துக்கு 25,000 கடன் வாங்கவும் தயாராக இருந்தேன்.

குழுக் கடன் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த மாசமே மகளிர் உரிமைத் தொகை 1,000 வர ஆரம்பித்தது, புதுக் கணக்குக்கே வருமாறு பார்த்துக்கொண்டேன். அதில் 500ஐப் போஸ்ட் ஆபீஸில் பாப்பா பேரில் செல்வமகள் கணக்கில் போடுகிறேன். பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் திறக்க வேண்டும், நல்லவேளை அவளுக்கு ஒன்பதுதான். காப்பாளராக என் பேர் மட்டும். அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அல்லது பதினெட்டு வயது ஆகும்வரை படிப்புக்குக்கூட எடுக்க முடியாது. அவசரத்துக்கு உதவாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, நானே இளகிப்போனாலும் எடுக்க முடியாத ஒரு இடம். ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்குக் கார்டு இல்லாத கணக்கில் 5,000 எப்போதும் நிற்கும்.

அவர் முழுசாக நிறுத்திவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாசம் தொடவில்லை, அப்புறம் ஒரு தீபாவளிக்கு ஆரம்பித்தது, மறுபடி போய் மாத்திரை வாங்கினோம். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அட்வான்ஸ் 40,000ஐப் பழைய கம்பெனியில் வாராவாரம் பிடித்தே கழித்துவிட்டார்கள், கைமாற்றை அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார். இப்போது கேட்கிறவர்கள் என்னிடம் வருவதில்லை. நோட்டில் அவர் சம்பளம் இருக்கும் இடத்தில் இன்னும் பூஜ்யம்தான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை பிரிட்ஜ் மேல் 2,000 வைத்துவிட்டு, "நகைக்குக் கட்டீரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திங்கள்கிழமை பேங்கில் கட்டினேன். இன்னும் 41,000 இருக்கிறது.